இன்டர்வியூ முடிந்தது, சிங்கப்பூரிலிருந்து பதிலே இல்லை: ரெக்ரூட்டருக்கு ஃபாலோ-அப் மெயில் எழுதுவது எப்படி?

இரண்டாவது ரவுண்டு ஜூம் காலில் நன்றாகவே போனது. டீம் லீடு சிரித்துப் பேசினார், எப்போது சேர முடியும் என்றுகூடக் கேட்டார். "அடுத்த வாரக் கடைசிக்குள் சொல்கிறோம்" என்று ரெக்ரூட்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. மெயில் இல்லை, போன் இல்லை. இந்த நிலையில் என்ன எழுதுவது, எந்தக் கிழமை அனுப்புவது, எத்தனை தடவையோடு நிறுத்திக்கொள்வது என்பதை ஒரு கேஸை எடுத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் எம்பெடட் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கும் ஒருவர், சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் போகும் வேலைக்கு 2026 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 20 வெள்ளிக்குள் முடிவு தெரியும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருக்கும்?

பதில் வராவிட்டால் நிராகரித்துவிட்டார்கள் என்றுதான் மனம் முதலில் நினைக்கும். உள்ளூர் வேலையென்றால் அது பல சமயம் சரியாகவும் இருக்கும். வெளிநாட்டு வேலையில் நடுவே இன்னும் சில படிகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் ரெக்ரூட்டர் கையில் இல்லை.

சிங்கப்பூரில் பெரும்பாலான நிறுவனங்கள், வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையை MyCareersFuture தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும். 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. வந்த உள்ளூர் விண்ணப்பங்களையும் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும். அதனால் உங்களைப் பிடித்துப்போன பிறகும் இன்னும் சிலரோடு இன்டர்வியூ நடக்கலாம். அந்தத் தளத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். உங்கள் வேலைக்கான விளம்பரம் என்று போடப்பட்டது, என்று முடிகிறது என்று பாருங்கள். முடியும் தேதி இன்னும் வரவில்லை என்றால் இந்த மௌனத்துக்குப் பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது பாஸ் கிடைக்குமா என்ற கணக்கு. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர். நிதித்துறைக்கு அதைவிட அதிகம். வயது கூடக் கூட இந்த வரம்பும் ஏறும். ஆகவே 38 வயதுக்காரருக்கு 5,600 போதாது. இதற்கு மேல் காம்பஸ் என்ற புள்ளி முறை 2023 செப்டம்பரில் வந்தது. அதே சமயம், டிகிரி உண்மையானது என்பதற்கான சரிபார்ப்புச் சான்றும் கேட்கத் தொடங்கினார்கள். உங்களுக்குப் பேசிய சம்பளத்தில் பாஸ் வருமா என்று எச்.ஆர். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். மனிதவள அமைச்சின் தளத்தில் உள்ள Self-Assessment Tool-இல் நீங்களே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெயில் எழுத உட்காரும் முன் ஒரு தடவை அதைச் செய்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் நம் ஊர் நோட்டீஸ் பீரியட். சிங்கப்பூரில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்றே கேட்டுப் பழகியவர்கள் 90 நாள் என்றதும் தயங்குவார்கள். ஒரு மாதத்தில் சேரக்கூடிய இன்னொருவர் இருந்தால் முதலில் அவரிடம் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். உங்களை வேண்டாம் என்று சொல்லாமல் அப்படியே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இந்த மூன்றிலும் ரெக்ரூட்டரிடம் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்லாமல் இருக்கிறார். "ஏதாவது அப்டேட் உண்டா?" என்று நீங்கள் கேட்டால் "இல்லை" என்று எழுத அவருக்குச் சங்கடம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும், மேனேஜரிடம் அவர் எடுத்துப்போகத் தகுந்த ஒரு தகவலும் மெயிலில் இருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம். கீழே வரும் மெயில்கள் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டவை.

முதல் படி: நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

அவர்கள் தேதி சொல்லியிருந்தால், அந்தத் தேதி தாண்டி மூன்று வேலைநாள் விடுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் இன்டர்வியூவிலிருந்து ஏழு வேலைநாள். நம் கேஸில் மார்ச் 20 வெள்ளி கெடு. அதன் பிறகு 23, 24, 25 மூன்று வேலைநாள். எனவே 25 புதன் முழுக்கக் காத்திருந்து, 26 வியாழன் காலையில் முதல் மெயில்.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 10 மணிக்கு மெயில் மேலே தெரிய வேண்டுமென்றால் இங்கே 7.30-க்குப் போயிருக்க வேண்டும். நாம் ஆபீஸுக்குப் போய் 11 மணிக்கு எழுதினால் அங்கே 1.30, சாப்பாட்டு நேரம். இரவே எழுதி வைத்துவிட்டு ஜிமெயிலின் Schedule send-இல் காலை 7.30 என்று போடுங்கள். அது காட்டுவது உங்கள் ஊர் நேரம் என்பது நினைவிருக்கட்டும். திங்கள் காலையில் ரெக்ரூட்டரின் இன்பாக்ஸ் நிரம்பி வழியும். வெள்ளி மதியம் போனது அடுத்த வாரம்தான் திறக்கப்படும். செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது.

விடுமுறைகளையும் பாருங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் பலர் லீவில் இருப்பார்கள், டிசம்பர் கடைசியிலும் அப்படித்தான். தீபாவளிக்கு அங்கேயும் பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்கு இல்லை.

இரண்டாம் படி: எந்த முகவரிக்கு?

பலர் தவறுவது இங்கேதான். இன்டர்வியூ அழைப்பு சில சமயம் நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருளிலிருந்து வரும். அனுப்பியவர் முகவரியில் noreply என்று இருந்தால், அதற்கு ரிப்ளை அடிப்பது கிணற்றில் போட்ட கல். ரெக்ரூட்டர் தன் கையால் எழுதிய மெயில் எது என்று தேடி, அந்தத் தொடரிலேயே Reply கொடுங்கள். பழைய உரையாடல் கீழே இருப்பதால் நீங்கள் யார், எந்த வேலை என்று அவர் தேட வேண்டியதில்லை. மேனேஜரை சிசியில் போடாதீர்கள். ரெக்ரூட்டருக்கு அது தன்மேல் புகார் சொன்னது போல இருக்கும்.

பெயரிலும் ஒரு கவனம் தேவை. டான் வெய் லிங் என்ற சீனப் பெயரில் முதலில் வரும் டான்தான் குடும்பப் பெயர்; வெய் லிங் இரண்டும் சேர்ந்தது அவர் பெயர். கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து "டியர் லிங்" என்று எழுதினால் வேறு யாரையோ கூப்பிட்டது போலாகும். அவர் மெயிலின் அடியில் தன் பெயரை எப்படிப் போட்டிருக்கிறாரோ அப்படியே கூப்பிடுங்கள். சார், மேடம் அங்கே தேவையில்லை.

மூன்றாம் படி: முதல் மெயில்

நம் இன்ஜினியர் அனுப்ப வேண்டிய மெயில் இவ்வளவுதான்:

```
Subject: Re: Interview - Embedded Software Engineer (10 March)

Hi Wei Ling,

Thank you again for arranging the interview on 10 March.
You mentioned a decision by 20 March. Is there a new date
I should keep in mind?

Two details that may help: my notice period is 90 days, and
my degree certificate and transcripts are ready for verification.

I remain keen on the role.

Regards,
(பெயர், +91 எண்)
```

முதல் வாக்கியத்தில் நன்றியோடு தேதியும் வருகிறது. ஒரே நேரத்தில் பதினைந்து வேலைக்கு ஆள் பார்க்கும் ரெக்ரூட்டருக்கு அந்தத் தேதிதான் உங்களை அடையாளம் காட்டும். அடுத்த வாக்கியம் அவர் சொன்ன கெடுவை நினைவூட்டுகிறது, ஆனால் "சொன்னீர்களே, செய்யவில்லையே" என்று குத்தவில்லை. கேட்பது முடிவை அல்ல, புதிய தேதியை. முடிவைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், "ஏப்ரல் முதல் வாரம் ஆகும்" என்று எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது பத்தியில்தான் மெயிலின் பலம் இருக்கிறது. நோட்டீஸ் பீரியட், டிகிரி சரிபார்ப்பு இரண்டும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகள். கேட்கும் முன்பே பதில் கிடைத்தால் அவர் அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்யலாம். இங்கே பொய் மட்டும் கூடாது. கான்ட்ராக்டில் 90 நாள் இருக்கும்போது 30 நாளில் வந்துவிடுவேன் என்று எழுதினால், ஆஃபர் வந்த பிறகு ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டி முன்னதாக வெளியேற உங்கள் நிறுவனத்தின் விதி இடம் கொடுத்தால், அதை எழுத்தில் பார்த்த பிறகு "90 நாள், 60 ஆகக் குறைக்க வழி உண்டு" என்று எழுதலாம்.

சம்பளப் பேச்சு இந்த மெயிலில் வேண்டாம். ரெஸ்யூமேயைத் திரும்பவும் இணைக்க வேண்டாம். படித்துவிட்டாரா என்று காட்டும் ரீட் ரிசீட் வேண்டவே வேண்டாம். வேவு பார்ப்பது போலிருக்கும்.

சொற்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஜென்டில் ரிமைண்டர்" என்று நம் ஆபீஸ்களில் தாராளமாக எழுதுகிறோம். கட்டாத பில்லுக்கு வரும் நோட்டீஸிலும் அதே சொல்தான் இருக்கும். வேலை கேட்பவர் அதைத் தலைப்பில் போடுவது சரியாக இல்லை. "டூ தி நீட்ஃபுல்" எழுதினால் எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது. "கைண்ட்லி" ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் இல்லாவிட்டால் நல்லது.

கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் மட்டும் ஒரு வாக்கியம் கூடும்: இன்ன தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், உங்கள் வேலையையே விரும்புகிறேன், அதற்குள் ஏதேனும் தெரியுமா என்று. மௌனத்தை உடைப்பதில் இதைவிட வலுவானது இல்லை. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொன்னால், "அப்படியென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று பதில் வந்து கதை அங்கேயே முடியும்.

நான்காம் படி: பதில் வராவிட்டால்

முதல் மெயில் போய் ஏழு வேலைநாள் விடுங்கள். மார்ச் 26-க்குப் பிறகு 27, 30, 31, ஏப்ரல் 1, 2 என்று எண்ணி வரும்போது ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, அங்கே பொது விடுமுறை. அதை விட்டுவிட்டால் 6, 7 தேதிகளோடு ஏழு நாள் ஆகிறது. 8 புதன் காலையில் இரண்டாவது மெயில், அதே தொடரில்:

```
Hi Wei Ling,

Is the role still open, or has the team moved ahead
with someone else? A one-line reply is enough.
Either answer helps me plan.
```

இந்தத் தடவை புதிய தகவல் ஏதும் இல்லை, நன்றியும் இல்லை. ஆம், இல்லை என்று சொல்லி முடிக்கும் கேள்வி மட்டும். "இல்லை" என்று சொல்வதையும் சுலபமாக்கிவிடுகிறோம். வேண்டாம் என்றால் இவர் விவாதத்துக்கு வருவாரோ என்ற பயத்தில் பேசாமல் இருக்கும் ரெக்ரூட்டர்கள் உண்டு. அவர்களிடமிருந்து பதில் வருவது பெரும்பாலும் இப்படிக் கேட்கும்போதுதான்.

மெயில் திரும்பி வந்தாலோ, "நான் இந்த நிறுவனத்தில் இல்லை" என்ற தானியங்கிப் பதில் வந்தாலோ அது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளலாம். மௌனத்துக்குக் காரணம் நீங்கள் இல்லை. அந்தப் பதிலில் சொல்லியிருக்கும் முகவரிக்கு முதல் மெயிலை அனுப்புங்கள். எந்த முகவரியும் இல்லை என்றால் இன்டர்வியூ காலண்டர் அழைப்பில் இருந்த மற்ற பெயர்களைப் பாருங்கள், எச்.ஆரைச் சேர்ந்தவர் ஒருவர் இருப்பார். மேனேஜருக்கு நேராக எழுதத் தகுந்த ஒரே சந்தர்ப்பமும் இதுதான், எச்.ஆரில் யார் முகவரியும் கிடைக்காதபோது.

வாட்ஸ்அப்பில் கேட்கலாமா? இன்டர்வியூ நேரத்தை அவரே வாட்ஸ்அப்பில்தான் முடிவு செய்தார் என்றால், இரண்டாவது மெயிலுக்கு மூன்று நாள் கழித்து "மெயில் அனுப்பியிருக்கிறேன், பார்க்க முடிந்ததா" என்று ஒரு வரி போடலாம். அவர் அந்த எண்ணைத் தராமல் நீங்களாகத் தேடிப் பிடித்திருந்தால் கூடாது. வாட்ஸ்அப் காலும் கூடாது.

அதற்கும் அசைவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 22 புதன், கடைசி மெயில். இந்த வேலை வேறு பக்கம் போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறேன், இதைப் பற்றி இனி எழுதமாட்டேன், மறுபடி திறந்தால் தெரிவித்தால் மகிழ்வேன் என்று இரண்டு வாக்கியம். குறையோ வருத்தமோ அதில் வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே ரெக்ரூட்டர் வேறு நிறுவனத்தில் உட்கார்ந்து ஆள் தேடும்போது இந்த மெயில்தான் கண்ணில் படும். நான்காவது மெயில் கிடையாது.

ரெக்ரூட்டர் ஏஜென்சிக்காரர் என்றால்

நிறுவனத்தின் ஊழியரா, ஏஜென்சியா என்று மெயிலின் அடியில் பார்த்தாலே தெரியும். சிங்கப்பூரில் ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும், அங்கே வேலை பார்ப்பவருக்குத் தனிப் பதிவு எண்ணும் வேண்டும். அமைச்சின் தளத்தில் ஏஜென்சி பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஏஜென்சி ரெக்ரூட்டரும் உங்களைப் போலக் காத்திருப்பவர்தான். "உங்கள் முடிவு என்ன" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. "கிளையன்ட் ஏதாவது சொன்னார்களா, அடுத்து அவர்களிடம் எப்போது பேசுவீர்கள்" என்று கேளுங்கள். அவரைத் தாண்டி நேராக நிறுவனத்துக்கு எழுதுவது வேண்டாம். உங்களை அறிமுகம் செய்ததற்கான கட்டணம் யாருக்கு என்ற தகராறு கிளம்பினால், நிறுவனம் ஆளையே விட்டுவிட்டுப் போகும்.

இன்னொன்று. பல வாரம் பேசாமல் இருந்தவர் திடீரென்று வந்து பாஸுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது நிறுவனமோ, அது நியமித்த ஏஜென்சியோதான். வேலை தேடுபவர் தானாக விண்ணப்பிக்க வழியில்லை.

பதில் வந்தால்

"கீப் யுவர் சிவி இன் வியூ" என்று வந்தால் அது மறுப்பு. நன்றி சொல்லி முடியுங்கள். "ஸ்டில் இன்டர்வியூயிங்" என்றால் நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கலாம், அவர் சொல்லும் புதிய தேதி வரை தொந்தரவு வேண்டாம். "ஆன் ஹோல்ட்" என்றால் ஆளெடுப்புக்கான அனுமதி நின்றுபோயிருக்கிறது. அடுத்த காலாண்டில் ஒரு தடவை கேட்டால் போதும்.

நம் கேஸில் ஏப்ரல் 9 அன்று இப்படி ஒரு பதில் வருவதாக வைத்துக்கொள்வோம்: "ஹெட்கவுண்ட் அனுமதிக்காகக் காத்திருந்தோம், இப்போது வந்துவிட்டது. பாஸ் ஒப்புதல் மே முதல் வாரத்தில் வந்தால் எப்போது சேர முடியும்?" அன்றைக்கே பதில் போக வேண்டும், அதில் தேதி இருக்க வேண்டும். ராஜினாமா கொடுப்பது ஆஃபர் லெட்டரை நம்பி அல்ல, பாஸுக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம், அதாவது ஐபிஏ கைக்கு வந்த பிறகு. அது மே 4 அன்று வந்து அன்றே ராஜினாமா கொடுத்தால் 90 நாள் ஆகஸ்ட் 2-இல் முடிகிறது. வீட்டைக் காலி செய்து, டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர ஒரு வாரம். ஆகஸ்ட் 9 சிங்கப்பூர் தேசிய நாள். 2026-இல் அது ஞாயிற்றுக்கிழமை வருவதால் 10 திங்களும் விடுமுறை. ஆகவே, "மே 4-க்குள் ஐபிஏ வந்தால் ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை சேர்கிறேன்" என்று எழுதலாம்.